கிரியாட்டினின் 2.4 சரி, எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?

62 வயது விவசாயி, 60 கிலோ எடை, மூன்று நாளாக வாந்தி பேதி. அட்மிஷனில் கிரியாட்டினின் 2.4. கேஸ் ஷீட்டில் 'ஏகேஐ', அதாவது திடீர் சிறுநீரகப் பாதிப்பு, என்று எழுதிவிடலாம், ஆனால் எந்த நிலை என்று கேட்டால்தான் சிக்கல், ஏனென்றால் இது ஒரு விகிதம், கீழே என்ன எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் பாதி பிழைகள் நடக்கின்றன.

சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பான கேடிகோ 2012-இல் கொடுத்த வரையறையில், 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் அடிப்படை அளவைப் போல 1.5 மடங்கு ஆனாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழே போனாலோ ஏகேஐ. 1.5 முதல் 1.9 மடங்கு வரை முதல் நிலை (அந்த 0.3 உயர்வும் இதில்தான் சேரும்), 2 முதல் 2.9 வரை இரண்டாவது, 3 மடங்கும் அதற்கு மேலும் மூன்றாவது.

இப்போது நம்ம ஆள் கொண்டுவந்த மஞ்சப்பையைக் கொட்டிப் பார்ப்போம். எட்டு மாதத்துக்கு முன் 1.3, ஐந்து மாதத்துக்கு முன் 1.4, மூன்று மாதத்துக்கு முன் 1.3. அப்புறம் இரண்டு வாரத்துக்கு முன் காய்ச்சலில் படுத்திருந்தபோது எடுத்தது 1.9. கடைசி ரிப்போர்ட்தானே என்று 1.9-ஐ எடுத்தால் 1.26 மடங்குதான் வரும், ஏகேஐ இல்லை என்று கைகழுவிவிடலாம். ஆனால் காய்ச்சலில் எடுத்த அந்த எண்ணே பழுதானது, அது அவருடைய இயல்பு நிலை இல்லை. பையைப் பார்க்காமலே, எல்லாருக்கும் சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஜிஎஃப்ஆர் 75 இருக்கும் என்று வைத்து எம்டிஆர்டி சூத்திரத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால் அடிப்படை சுமார் 1.0, அதாவது 2.4 மடங்கு, இரண்டாவது நிலை. அட்மிஷன் அளவையே அடிப்படையாக வைத்து, மறுநாள் 2.5 என்று வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். ஒரே மனிதர், ஒரே ரத்தம், மூன்று விதமான பதில்!

சரியானது எது? நோயாளி நிலையாக இருந்தபோது வெளிநோயாளியாக எடுத்த அளவுகள், ஒரு வாரத்துக்கு முன்பிலிருந்து ஓராண்டு வரை, அவற்றின் நடு அளவு. இங்கே காய்ச்சல் ரிப்போர்ட்டை ஒதுக்கினால் 1.3. 2.4-ஐ 1.3-ஆல் வகுத்தால் 1.85, முதல் நிலை. ஏற்கெனவே கொஞ்சம் குறைந்த சிறுநீரகம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த 75 கணக்கு மறைப்பது இதைத்தான், நாள்பட்ட நோயாளியைப் புதிதாகப் பாதிக்கப்பட்டவர் போலக் காட்டிவிடும். பழைய ரிப்போர்ட் எதுவுமே கிடைக்காதபோது மட்டும் அதைத் தொடுங்கள், தொட்டால் 'கணக்கிட்டது' என்று எழுதியும் வையுங்கள்.

கிரியாட்டினின் முதல் நிலை என்றதும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சிறுநீரைப் பாருங்கள். 60 கிலோவுக்கு எல்லை மணிக்கு 30 மில்லி. கத்தீட்டர் போட்டு மணிக்கு ஒரு முறை குறித்த சார்ட்டில், பன்னிரண்டு மணி நேரமும் 22-இலிருந்து 28-க்குள்தான் இருக்கிறது, மொத்தம் 300 மில்லி. பன்னிரண்டு மணி நேரம் 0.5-க்குக் கீழே என்றால் இரண்டாவது நிலை. இரண்டு அளவுகோலில் எது மோசமோ அதுதான் நிலை, ஆகவே அவர் இப்போது இரண்டில் இருக்கிறார். கிரியாட்டினின் பின்னால்தான் ஏறும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். (24 மணி நேரத்துக்கு 0.3-க்குக் கீழே, அல்லது 12 மணி நேரம் சிறுநீரே இல்லை என்றால் மூன்றாவது.)

இதில் இரண்டு சறுக்கல். ஒன்று, 24 மணி நேர மொத்தத்தை 24-ஆல் வகுப்பது. ராத்திரி முழுக்க சொட்டு வராமல் இருந்து, காலையில் லேசிக்ஸ் போட்டதும் கொட்டினால் சராசரி அழகாகத்தான் இருக்கும். இன்னொன்று எடை. 110 கிலோ ஆளுக்கு மணிக்கு 55 மில்லி என்று எதிர்பார்த்தால் நல்ல சிறுநீரகமும் பெயிலாகிவிடும், பருமனானவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடுவதே நியாயம். கத்தீட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், பாருங்கள்.

4.0 தாண்டினாலே மூன்றாவது நிலை என்று மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. மூன்று மாதமாக 3.9-இல் இருப்பவர் இன்று 4.1 என்றால் அது ஏகேஐயே இல்லை. முதலில் 48 மணி நேர உயர்வோ, 1.5 மடங்கோ நிறைவேறியிருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் 4.0 பேசும்.

நம்ம விவசாயி மூன்று வாரம் படுத்துத் தேறி, டிஸ்சார்ஜில் கிரியாட்டினின் 1.0 என்று வரலாம். முன்பைவிட நல்லாகிவிட்டது என்று அதைப் புது அடிப்படையாக எழுதிவிடாதீர்கள், சாப்பாடும் நடையும் இல்லாமல் தசை கரைந்ததால் இறங்கிய எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறியதும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், கூடவே சிறுநீரில் ஆல்புமினும்.