தவறுதலாக ரத்தான பாலிசிக்கு மன்னிப்புக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்பீட்டு நிறுவனத்தின் புகார் பிரிவில், புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் கடித வரைவுகளைத் திருத்துவது என் வேலை. பெயரில் எழுத்துப்பிழை, பாலிசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதையெல்லாம் பிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நிறுவனமே தப்பாக ஒரு பாலிசியை ரத்து செய்துவிட்டு, அப்புறம் அதைச் சரிசெய்து எழுதும் கடிதத்தில் மட்டும் சில தவறுகள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. பழைய ஆட்களும் செய்தவைதான். அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலிசியை 'இன்று முதல்' உயிர்ப்பிப்பது

எங்களிடம் வந்த ஒரு மருத்துவக் காப்பீட்டு விவகாரம் இது. தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். பிரீமியம் கட்ட வேண்டிய நாள் மார்ச் 5. வாடிக்கையாளர் மார்ச் 3 அன்றே கட்டிவிட்டார். ஆனால் வரவு வைக்கும்போது பாலிசி எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால், பணம் எந்த பாலிசியிலும் சேராமல் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது. முப்பது நாள் சலுகைக் காலம் ஏப்ரல் 4 அன்று முடிந்தது. 5ஆம் தேதி கணினி தானாகவே ரத்து அறிவிப்பை அனுப்பியது. 12ஆம் தேதி அவர் மருத்துவமனையில் சேர்ந்தார், கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. புகார் வந்து, தேடி, பணத்தைக் கண்டுபிடித்தபோது தேதி 20.

22ஆம் தேதி என் மேசைக்கு வந்த வரைவு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மன்னிப்பு மனமாரக் கேட்டிருந்தார்கள், பிழையை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு வரி: "தங்கள் பாலிசி ஏப்ரல் 22 முதல் மீண்டும் நடைமுறைக்கு வருகிறது."

அந்த ஒரு வரியால் ஏப்ரல் 5 முதல் 21 வரை பதினேழு நாள் அவருக்குக் காப்பீடே இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 12ஆம் தேதி சேர்ந்த மருத்துவமனைச் செலவு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. அதோடு போவதில்லை. பாலிசியில் இடைவெளி விழுந்ததாகக் கொண்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து எண்ணப்படலாம், சேர்த்து வைத்த போனஸும் போகலாம். ஆயுள் காப்பீட்டில் இது இன்னும் மோசம். பல பாலிசிகளில், மீட்டெடுத்த தேதியிலிருந்து தற்கொலை விலக்குக் காலம் மறுபடி ஓடத் தொடங்கும். இவை எல்லாம் பிரீமியம் கட்டத் தவறியவருக்கான விதிகள். இவர் எதையும் தவறவிடவில்லையே!

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: "ஏப்ரல் 5 அன்று நாங்கள் செய்த ரத்து எங்கள் பிழை. அதைத் திரும்பப் பெற்றுவிட்டோம். தங்கள் பாலிசி ஒரு நாளும் இடைவெளியின்றித் தொடர்ந்து நடைமுறையில் இருந்ததாகவே கொள்ளப்படும். காத்திருப்புக் காலமும் போனஸும் முன்பு இருந்தபடியே தொடரும். ஏப்ரல் 12 மருத்துவமனை அனுமதி தொடர்பான க்ளெய்ம், இந்த ரத்தைக் காரணம் காட்டி மறுக்கப்படாது." கடைசி வரியை கவனியுங்கள். க்ளெய்ம் தொகையைக் கொடுத்துவிடுவோம் என்று அதில் இல்லை. அது மருத்துவ ஆவணங்களைப் பார்த்த பிறகு க்ளெய்ம் பிரிவு முடிவு செய்ய வேண்டியது. ரத்து ஒரு காரணமாக வராது என்பதுதான் நாம் கொடுக்கக்கூடிய உறுதி.

சரி, கடிதத்தைத் திருத்தியாயிற்று. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் இரண்டாவது அடி விழும். பல நிறுவனங்களின் மென்பொருளில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, காலாவதியான பாலிசியை மீட்டெடுப்பது. மற்றது, ரத்தையே நீக்குவது. முதல் வழியில் போனால் கணினி புதிய தேதியைப் போடும், இடைவெளியைப் பதிவு செய்யும், சில சமயம் உடல்நல அறிவிப்புப் படிவத்தையும் கேட்கும். கடிதத்தில் 'இடைவெளி இல்லை' என்று எழுதிவிட்டு, பின்னால் இந்த வழியில் பதிவு செய்தால், சில வாரம் கழித்து க்ளெய்ம் பிரிவில் இருப்பவர் திரையில் பதினேழு நாள் ஓட்டையைப் பார்த்து மறுப்புக் கடிதம் அனுப்பிவிடுவார். அவர் கடிதத்தைப் பார்க்க மாட்டார், திரையைத்தான் பார்ப்பார். மன்னிப்புக் கடிதம் வாங்கிய வாடிக்கையாளர், அதே விஷயத்துக்காக மறுபடி புகார் கொடுப்பார். அந்த இரண்டாவது புகார் பெரும்பாலும் குறைதீர்ப்பு அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ போய்த்தான் நிற்கும். அதனால் கையெழுத்துக்குப் போகும் முன் பாலிசி வரலாற்றுத் திரையை அச்செடுத்து வரைவோடு வையுங்கள். தொடக்கத் தேதி பழையதா, காத்திருப்புக் கணக்கு அப்படியே ஓடுகிறதா, ரத்து வரி நீக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் கடிதம் வெளியே போகக் கூடாது.

'கணினிக் கோளாறு'

கோளாறு கணினியில் இல்லை, பணத்தைத் தப்பான இடத்தில் வைத்ததில் இருக்கிறது. அதை எழுதுங்கள்.

திருப்பிய பிரீமியத்தை முதலில் கேட்பது

சில விவகாரங்களில் ரத்தோடு பிரீமியமும் வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்பிப் போயிருக்கும். "தொகையைத் திரும்பச் செலுத்தியதும் பாலிசி தொடரும்" என்று எழுதினால், நம் பிழையைச் சரிசெய்யும் பொறுப்பு அவர் தலையில் ஏறிவிடும். அவர் ஊரில் இல்லாமல் ஒரு வாரம் தாமதித்தால் அதுவும் புது இடைவெளி. முதலில் காப்பீடு தொடர்கிறது என்று நிபந்தனையின்றிச் சொல்லுங்கள். பணத்துக்குத் தனிப் பத்தி, தாராளமான தேதி, வட்டியோ அபராதமோ இல்லை என்ற ஒரு வரி. அது போதும்.

இன்னொன்றும் உண்டு. ரத்து அறிவிப்பைப் பார்த்துப் பயந்து அவர் இதற்குள் வேறு நிறுவனத்தில் பாலிசி எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் பிரீமியம் கட்ட அவரைத் தள்ளக் கூடாது. எங்களோடு தொடர்வதா, வெளியேறுவதா என்று அவரே தேர்வு செய்யட்டும். ஆனால் அதுவரை நம் காப்பீடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

உடல்நல அறிவிப்புப் படிவத்தை இணைப்பது

இணைக்காதீர்கள்.

'விரைவில்'

எந்த வேலை, யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இல்லாத வாக்குறுதியை எழுதாதீர்கள். "7 வேலை நாட்களுக்குள்" என்பதும் சிக்கல்தான். கடிதத் தேதியிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார். நேரடியாகத் தேதி போடுங்கள். மேலே சொன்ன கடிதத்தில் இப்படிப் போனது: ரத்து நீக்கம், ஏப்ரல் 22, முடிந்துவிட்டது. திருத்திய பாலிசி ஆவணம், ஏப்ரல் 24. மருத்துவமனைக்கும் கேஷ்லெஸ் பிரிவுக்கும் எழுத்து மூலம் தகவல், ஏப்ரல் 23. க்ளெய்ம் முடிவு, எல்லா ஆவணங்களும் கிடைத்திருந்தால் மே 6, ஏதாவது குறைந்தால் என்ன குறைகிறது என்று ஏப்ரல் 27க்குள் சொல்வோம். கீழே ஓர் அதிகாரியின் பெயரும் அவருடைய நேரடி எண்ணும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியதற்கு நாம் தேதி கொடுப்பது

ரத்து செய்தி நம்மோடு நிற்பதில்லை. வீட்டுக் காப்பீடு என்றால் கடன் கொடுத்த வங்கிக்குப் போயிருக்கும், வாகனக் காப்பீடு என்றால் வாகனப் பதிவுத் துறையின் தரவுகளுக்குப் போயிருக்கும். முகவரிடமும் ஒரு பிரதி இருக்கும். புதியவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள், அல்லது "வங்கி தன் பதிவை 24ஆம் தேதிக்குள் திருத்திவிடும்" என்று துணிந்து எழுதிவிடுகிறார்கள். வங்கி எப்போது திருத்தும் என்பது நம் கையில் இல்லை. "24ஆம் தேதிக்குள் வங்கிக்கு எழுதுவோம், அதன் பிரதி தங்களுக்கு வரும்" என்பதுதான் நம்மால் காப்பாற்ற முடிந்த வாக்கு. ரத்து அறிவிப்பு யார் யாருக்குப் போனது என்ற பட்டியலை அஞ்சல் பதிவிலிருந்து எடுங்கள். திருத்தக் கடிதமும் அதே பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். காப்பீடு இருப்பதை யாரிடமாவது காட்ட வேண்டிய நிலை வந்தால் வாடிக்கையாளர் காட்டிக்கொள்ள, "பாலிசி இடைவெளியின்றித் தொடர்கிறது" என்று ஒரே பக்கத்தில் தனிச் சான்றிதழையும் உறையில் வைத்துவிடுங்கள். மன்னிப்புக் கடிதத்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிய யாருக்கும் பிடிக்காது.