ஒரு கப் மைதா எத்தனை கிராம்? கணக்கு எங்கே பிசகுகிறது

அமெரிக்கச் செய்முறையைப் பார்த்து பிரெட் சுடப் பழகுகிறவர்கள் சீக்கிரமே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுகிறார்கள். நல்ல காரியம். வாங்கிய கையோடு “1 கப் மைதா எத்தனை கிராம்” என்று தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணைக் காகிதத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்தச் செய்முறை கிடைத்தாலும் அந்த எண்ணால்தான் பெருக்கல். தராசு ஒரு கிராம்கூடப் பிசகாமல் நிறுத்துக் காட்டும்தான். ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே சுத்தத்தோடு நிறுத்துக் காட்டும்.

தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அளக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கப் என்றால் எந்த ஊர் கப்?

அமெரிக்க கப் ஏறக்குறைய 237 மில்லி. அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்து அட்டவணைக்கு மட்டும் 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. நம் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கப் செட்டுகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. கைப்பிடியில் பொறித்திருப்பதைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ, கப் அத்தனை மில்லி.

ரைஸ் குக்கரோடு வந்த கப்

அது பெரும்பாலும் 180 மில்லி. அரிசிக்கு மட்டும்.

ஒரே எண்ணை எல்லாச் செய்முறைக்கும் போடுவது

எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். கப்பிலிருந்து கிராமுக்கு மாற்றுவதை, அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றுவதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீருக்கு அது சரி. சர்க்கரைக்கும் ஓரளவு சரி. மைதாவுக்குச் செல்லவே செல்லாது.

அமெரிக்காவில் விற்கும் மைதாப் பொட்டலத்தின் சத்து அட்டவணையில் கால் கப் 30 கிராம் என்று போட்டிருக்கும். அதாவது கப்புக்கு 120. அங்கேயே மாவுக்குள் கப்பை விட்டு முகந்து அளக்கும் சமையல்காரர்கள் 140, 142 என்று எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியச் சமையல் புத்தகங்களில் 1 கப் மைதாவுக்கு 150 கிராம் என்பதே வழக்கம். ஆஸ்திரேலிய கப் அமெரிக்க கப்பைவிட நூற்றுக்கு ஆறு பங்குகூடப் பெரியது இல்லை. ஆனால் மாவின் எடை 120-க்கும் 150-க்கும் இடையே நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கூடிவிடுகிறது. கப்பின் அளவால் வந்த வித்தியாசம் அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அளந்த கையால் வந்தது.

காரணம் மாவுக்கு நடுவே இருக்கும் காற்று. காற்றே இல்லாமல் மைதாவை ஒரு கப்பில் அடைக்க முடிந்தால் 340 கிராம் அளவுக்குப் பிடிக்கும். நமக்குக் கிடைப்பதோ 120, 150. அதாவது கப்பில் பாதிக்கு மேல் காற்றுதான். மைதாத் துகள்கள் மிகப் பொடியானவை, வழுவழுப்பு இல்லாதவை, கொஞ்சம் ஈரமும் உள்ளவை. அதனால் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிடையே வெற்றிடம் விட்டு நிற்கும். சர்க்கரைப் படிகங்கள் பெரியவை, வழுக்கி விழுந்து தாமாகவே இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் சர்க்கரையை யார் அளந்தாலும் அமெரிக்க கப்புக்கு 200 கிராமை ஒட்டியே வருகிறது. மைதாவிலோ அந்த வெற்றிடத்தைக் குலைப்பதும் கூட்டுவதும் நம் கையில் இருக்கிறது. ஸ்பூனால் கப்பில் தூவித் தலைதட்டினால் 120, 125. கப்பையே டப்பாவுக்குள் அமுக்கி முகந்தால் 140-க்கு மேல். நிரப்பிய கப்பை மேடையில் இரண்டு தட்டு தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டால் அதையும் தாண்டும். லாரியில் குலுங்கி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்த பொட்டலத்தின் அடி மாவு, கிளறிவிட்ட மேல் மாவைவிடக் கனமாகவே இருக்கும்.

கொஞ்சம் விவரமானவர்கள் இங்கே இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். தங்கள் கப்பில் தங்கள் மைதாவை அளந்து, ஐந்து முறை நிறுத்து, சராசரி எடுத்து, “என் கப் 134 கிராம்” என்கிறார்கள். உழைப்பு பெரிதுதான், ஆனால் அது உங்கள் கையின் எடை. செய்முறையை எழுதியவர் தன் கையால் எத்தனை கிராம் போட்டாரோ, அதுதான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண அமெரிக்க பிரெட் செய்முறை: மைதா 3 கப், தண்ணீர் 1 கப், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். தண்ணீர் 237 கிராம், தூள் உப்பு ஏறக்குறைய 7.5 கிராம். எழுதியவர் தூவி அளப்பவர் என்றால் மைதா 360 கிராம். மாவின் எடையில் தண்ணீர் 66 விழுக்காடு, உப்பு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பிசைந்தால் மெத்தென்று, முதலில் கையில் லேசாக ஒட்டிப் பிறகு விடும் பதம். இதையே அலமாரிக் கதவில் 150 என்று எழுதி ஒட்டியிருப்பவர் செய்தால் மைதா 450 கிராம் ஆகிவிடும். தண்ணீர் 53 விழுக்காட்டுக்கு இறங்கும். பூரிக்குப் பிசைந்ததுபோல் கெட்டியாக இருக்கும், இழுத்தால் நீளாமல் கிழியும், இரண்டு மணி நேரம் ஆனாலும் மந்தமாகத்தான் உப்பும். சுட்டெடுத்தால் பக்கவாட்டில் வெடிப்பு, உள்ளே நெருக்கமான கனத்த துண்டு.

அப்போது பழி ஈஸ்ட்டின் மேல் போகும். “ஈஸ்ட் பழசு” என்று புதுப் பாக்கெட் வாங்குவார்கள், அடுத்த முறை ஈஸ்ட்டைக் கூட்டுவார்கள். இன்னும் சிலர் கெட்டி மாவைப் பார்த்ததும் தண்ணீரைத் தெளித்துச் சரிக்கட்டுவார்கள். பதம் திரும்பிவிடும், ஆனால் உப்பு 1.7 விழுக்காட்டில் நிற்கும், ஈஸ்ட்டும் அதே கணக்கில் குறைந்திருக்கும். ரொட்டி சப்பென்றும் இருக்கும், பாத்திரத்தில் அடங்காமலும் போகும்.

எழுதியவர் கையை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அவருடைய வேறு செய்முறைகளைப் பாருங்கள். எங்காவது ஓர் இடத்தில் கப்பும் கிராமும் சேர்த்துக் கொடுத்திருப்பார். அவருடைய எல்லாச் செய்முறைக்கும் அந்த விகிதத்தையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் முன்னுரையில் ஸ்பூனால் போடச் சொல்கிறாரா, முகக்கச் சொல்கிறாரா என்று தேடுங்கள். முன்னதற்கு 120, பின்னதற்கு 140. காணொளி இருந்தால் இன்னும் நல்லது, கப் மாவுக்குள் எப்படிப் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதும் உதவும். ஆஸ்திரேலியர் என்றால் 150-இல் தொடங்கலாம்.

எந்தத் துப்பும் கிடைக்காத அமெரிக்கச் செய்முறைக்கு 120-இல் தொடங்குங்கள். பிரெட் மாவு தளர்வாக இருந்தால் ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக, அதாவது 8 கிராம் அளவில், மைதா சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை போட்ட மாவைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் சேர்ப்பதற்கு முன் கால் மணி நேரம் மூடி வையுங்கள். மைதா தண்ணீரை இழுக்க நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் தூவினால் நீங்களாகவே 150-க்குப் போய்விடுவீர்கள். பதம் வந்ததும் மொத்தம் எத்தனை கிராம் போயிற்று என்று செய்முறையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்முறைக்கு உங்களுக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது.

கேக்கில் இப்படித் தடவிப் பார்க்க முடியாது. கலந்தபின் மைதாவைச் சேர்த்து மறுபடி அடித்தால் மாவு இறுகி கேக் ரப்பர் மாதிரி ஆகும். பாதி அளவு கலந்து சின்னக் கிண்ணங்களில் சுட்டுப் பாருங்கள். உச்சி கூம்பி வெடித்து, உள்ளே உதிரியாக வறண்டிருந்தால் மைதா கூடுதல். நடுவில் அமுங்கினால் மைதா குறைவாக இருக்கலாம், ஆனால் சோடா மாவு அதிகமானாலும் கேக் அப்படித்தான் அமுங்கும். குக்கிக்கு இன்னும் எளிது. ஒன்றே ஒன்றைச் சுடுங்கள். பரவாமல் உருண்டையாகவே நின்றால் மாவு அதிகம், தட்டெல்லாம் வழிந்தால் குறைவு.

சலித்த பிறகா, அளந்த பிறகா?

“சலித்த மைதா 2 கப்” என்றால் முதலில் சலித்துவிட்டு, குவிந்து கிடப்பதை அமுக்காமல் அளக்க வேண்டும். கப்புக்கு 115 கிராமை ஒட்டி வரும். “மைதா 2 கப், சலித்தது” என்றால் அளந்தபின் சலிப்பது. கிராமில் நிறுத்துவிட்டால் எப்போது சலித்தாலும் எடை மாறாது.

240 மில்லி கப், அதனால் 240 கிராம்

தண்ணீருக்கு. பாலுக்கும் கிட்டத்தட்ட.

ஒரு மாவின் எண்ணை இன்னொன்றுக்குப் போடுவது

கடையில் வாங்கும் உலர்ந்த அரிசி மாவு மைதாவைவிடக் கனம், அமெரிக்க கப்புக்கு 140-இலிருந்து 160 வரை போகும். ஊறவைத்து நிழலில் ஆற்றி வீட்டில் அரைத்த ஈர மாவில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கும். முறுக்குக்கோ இடியாப்பத்துக்கோ அளவு எழுதி வைக்கிறவர்கள், நிறுத்தது வறுப்பதற்கு முன்னா பின்னா என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கிராமும் கப்பைப் போலவே ஏமாற்றும்.

டீஸ்பூனையும் கிராமாக்குவது

ஒரு கிராம் படியில் காட்டும் சமையலறைத் தராசில் 3 கிராம் ஈஸ்ட்டை நிறுக்காதீர்கள். அது 2.5 ஆகவும் இருக்கலாம், 3.4 ஆகவும் இருக்கலாம், திரை 3 என்றே காட்டும். அதிலும் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அந்தச் சின்ன ஏற்றத்தைத் தாமாகவே பூஜ்ஜியமாக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஈஸ்ட், உப்பு, சோடா மாவு மூன்றையும் தலைதட்டிய ஸ்பூனால் அளந்தாலே போதும். அதற்கும் எடைதான் வேண்டுமென்றால் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தனியாக வாங்க வேண்டும். ஆஸ்திரேலியச் செய்முறையில் டேபிள்ஸ்பூன் வந்தால் மட்டும் கவனம், அவர்களுடையது 20 மில்லி, உங்களிடம் இருப்பது அநேகமாக 15.