ஸ்டாஃப் போட்டோவில் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் போட்டுப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேஃப்டி போஸ்டரில் நம்ம சைட் ஆட்களின் முகமே இருந்தால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள், கேட்லாக்கில் வரும் மாடலை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் போட்டோ எடுத்த அன்றைக்குப் பாதிப் பேர் தலையில் ஹெல்மெட் இருக்காது, புது ஜாக்கெட் ஸ்டோருக்கே வந்திருக்காது. அதனால் கையில் இருக்கும் போட்டோவின் மேல் ஹெல்மெட் படத்தை வெட்டி ஒட்டியோ, ஆள் மேல் பொருளை மாட்டிக் காட்டும் ஆப்பில் ஏற்றியோ எப்படி இருக்கும் என்று பார்க்கிறோம். அதுவரை சரி. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதையே பிரிண்டுக்கு அனுப்பும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பயிற்சியில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மறுநாள் மாட்டுவார்.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டுக்கு நாங்கள் செய்த போஸ்டரையே எடுத்துக்கொள்கிறேன். 3க்கு 2 அடி, நாலு பேர்: ஒரு கொத்தனார், ஒரு சித்தாள் அக்கா, ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் டிரில் மெஷின் ஓட்டுபவர், ஒரு சைட் இன்ஜினியர். நாலு பேரின் போட்டோவும் மொபைலில் எடுத்தது. எல்லாவற்றிலும் பொருளை மாட்டி, வரிசையாக வைத்து, ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஸ்ட்ராப் எங்க போய் முடியுது?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தோம், கொத்தனாரின் காதுப் பக்கம் இறங்கிய சின் ஸ்ட்ராப் கன்னத்தின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. மற்ற மூன்று பேருக்கு ஸ்ட்ராப்பே இல்லை.

இது எல்லோரும் செய்கிற தவறு, காரணமும் எளிதானது. கடைக்காரர்களின் ஹெல்மெட் படங்களில் பெரும்பாலும் ஸ்ட்ராப் உள்ளே மடங்கிக் கிடக்கும், பின்னணியை நீக்கும்போது மீதியும் போய்விடும். ஆப்பில் செய்தால் அதுவாக ஒரு கறுப்புக் கோடு போடும், அது தாடியிலோ நிழலிலோ கரைந்துவிடும். ஸ்ட்ராப் இல்லாத ஹெல்மெட் ஆள் குனிந்தாலே கழன்று விழும், உயரத்திலிருந்து ஆள் விழும்போது தரையைத் தொடும் முன்பே தலையை விட்டுப் போய்விடும். அதனால் படத்தைப் பெரிதாக்கி, ஹெல்மெட்டின் ஒரு பக்க விளிம்பில் தொடங்கி, ஸ்ட்ராப்பின் மேல் விரலை வைத்தபடி தாடைக்கு அடியில் போய் மறுபக்க விளிம்பு வரை வாருங்கள். எங்கேயாவது விரல் அந்தரத்தில் நின்றால் அந்தப் படம் ஆகாது. ஸ்ட்ராப்பை வரைந்து ஒட்டுவதைவிட, ஆளை உண்மையான ஹெல்மெட்டோடு திரும்ப நிறுத்திப் போட்டோ எடுப்பது சீக்கிரம் முடியும், நான் பல தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அடுத்தது ஹெல்மெட் உட்காரும் இடமும் அளவும். ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்பட்டி இருக்கிறது, மேலிருந்து ஒரு செங்கல் விழுந்தால் அந்த இடைவெளிதான் அடியை வாங்கிக்கொள்கிறது. உச்சந்தலைக்கும் ஓட்டுக்கும் இடையில் 25 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். போட்டோவில் ஒட்டுபவர் என்ன செய்கிறார் என்றால், தலையின் வெளிக்கோட்டுக்குச் சரியாக ஹெல்மெட்டைச் சுருக்கிவிடுகிறார், அது தொப்பி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி ஒரு ஹெல்மெட் உலகத்தில் கிடையாது. சைட்டில் கிடக்கும் ஒரு ஹெல்மெட்டை எடுத்து டேப் வைத்து அகலத்தை அளந்து, அந்த ஆளின் முக அகலத்தையும் அளந்து, அதே விகிதத்தைப் படத்திலும் வையுங்கள். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஹெல்மெட் முகத்தைவிட நன்றாகவே அகலமாக இருக்கும். பெரிசாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

முன் விளிம்பு புருவத்துக்கு மேல் ஓரிரண்டு விரல் இடைவெளியில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹேர் ஸ்டைல் தெரியட்டும் என்று பின்னால் சாய்த்து வைத்த ஹெல்மெட்டைப் போஸ்டரில் போட்டால், நெற்றியைத் திறந்து வைக்கலாம் என்று நாமே அனுமதி கொடுத்த மாதிரி. இது பாதி நேரம் கோணத்தால் வருகிறது: போட்டோ நேராக எடுத்திருப்பார்கள், கேட்லாக் ஹெல்மெட் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், பொருந்தாததைப் பொருத்த அதைச் சாய்க்க வேண்டியதாகிவிடும். ஹெல்மெட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்குத் தலையில் துண்டு சுற்றியிருப்பார்கள், போட்டோவில் அந்தத் துண்டு இருந்தால் ஆப் அதன் மேலேயே ஹெல்மெட்டை உட்கார வைத்துவிடும், தடிமனான துண்டு உள்பட்டியின் இடைவெளியைத் தின்றுவிடும் என்று அதற்குத் தெரியாது. சித்தாள் அக்காவின் கொண்டையும் அப்படித்தான், உச்சியில் போட்ட கொண்டை மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது, போட்டோ எடுக்கும் முன்பே அதைக் கழுத்துப் பக்கம் தாழ்வாகப் போடச் சொல்ல வேண்டும்.

ஹெல்மெட்டில் இருக்கும் எழுத்தும் கவனிக்க வேண்டியது. நம் நாட்டில் தொழிற்சாலை, கட்டட ஹெல்மெட்டுக்கான தரம் ஐஎஸ் 2925, அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். ஆப் போட்ட படத்தில் அந்த இடத்தில் எதுவோ ஒன்று கிறுக்கியிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்று பயிற்சியில் சொல்லிவிட்டுப் போஸ்டரில் கோணல் எழுத்தைக் காட்டக்கூடாது, அழித்துவிடுங்கள் அல்லது உண்மையான முத்திரையின் குளோசப் போட்டோவை ஓரத்தில் தனியாக வையுங்கள். நிறத்தையும் உங்கள் சைட்டில் யாருக்கு எது என்று பார்த்துத்தான் போட வேண்டும். எங்கள் கொத்தனாருக்கு ஆப் வெள்ளை ஹெல்மெட் மாட்டியிருந்தது, அந்த சைட்டில் வெள்ளை என்றால் இன்ஜினியர்.

ஜாக்கெட்டுக்கு வருவோம். ரிஃப்ளெக்டிவ் பட்டை குறைந்தது 50 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் புழங்கும் தரமான ஐஎஸ்ஓ 20471 சொல்வது. பெரியவர் ஒருவரின் முகம் ஏறக்குறைய 14, 15 சென்டிமீட்டர் அகலம், ஆக பட்டை முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இதை வைத்துக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்: படத்தில் பட்டை ரிப்பன் மாதிரி மெலிந்திருந்தால் ஜாக்கெட்டை நீங்கள் சுருக்கியிருக்கிறீர்கள். கை கட்டி நிற்கும் போட்டோ, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, முன்பக்கம் மாட்டாமல் திறந்து கிடக்கும் ஜிப், எல்லாமே பட்டையை மறைக்கும். சித்தாள் அக்காவின் படம்தான் எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்தது. அவர் புடவைக்கு மேல் ஆம்பளை ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டிருந்தார், சென்னையில் எந்த சைட்டுக்குப் போனாலும் பார்க்கிற உடைதான். ஆப் முதலில் அந்தப் புடவையை பேண்ட்டாக மாற்றிவிட்டது, இரண்டாவது முறை முந்தானையை ஜாக்கெட்டுக்கு வெளியே பறக்கவிட்டது. முதல் படத்தில் அவர் அவராக இல்லை, இரண்டாவதில் முந்தானை எதிலாவது சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முந்தானையைச் சட்டைக்குள் சொருகி, மேலே ஜாக்கெட்டை மாட்டி, அவரையே திரும்ப நிறுத்தி எடுத்தோம். அந்தப் படம்தான் போஸ்டரிலேயே நன்றாக வந்தது.

ஃபிளாஷ் போட்டு எடுக்காதீர்கள். அந்தப் பட்டை வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், ஃபிளாஷ் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பட்டை வெறும் வெள்ளைப் பொட்டலாகி முகம் இருண்டுவிடும். அப்புறம் நிறம். ஜாக்கெட்டின் அந்தப் பளிச் மஞ்சள், வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வெளிச்சமாக மாற்றிக் காட்டுவதால்தான் அப்படி மின்னுகிறது, சாதாரண நாலு நிற பிரிண்டில் அது வராது, திரையில் பளிச்சென்று தெரிந்தது பிரிண்டில் கடுகு நிறமாக மங்கி வரும். அதற்காக நிறத்தை ஏற்றிக்கொண்டே போனால் முகங்களின் நிறம் கெட்டுவிடும். பின்னணியை அடர் சாம்பலாக வைத்தால் அதே மஞ்சள் ஓரளவு தூக்கித் தெரியும். முழு போஸ்டர் அடிக்கும் முன் ஒரு சின்னத் துண்டு அடித்துப் பாருங்கள்.

கடைசியாகக் கிளவுஸ், எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். விரல் ஆறாக வருவதையும் கிளவுஸ் கம்பியோடு உருகி ஒட்டிக்கொள்வதையும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாதது, வேலைக்குத் தப்பான கிளவுஸ். எங்கள் படத்தில் கொத்தனாருக்கு உள்ளங்கையில் புள்ளி வைத்த காட்டன் கிளவுஸ் மாட்டியிருந்தோம், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஈர சிமென்ட் கடுமையான காரம், அதன் பிஎச் 12க்கு மேல், காட்டன் அந்தத் தண்ணீரை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலோடு ஒட்ட வைக்கும், சாயங்காலம் கழற்றும்போது தோல் வெந்திருக்கும். கொத்தனாருக்கு மணிக்கட்டைத் தாண்டி ஏறும் ரப்பர் அல்லது நைட்ரைல் கிளவுஸ்தான் காட்ட வேண்டும்.

டிரில் மெஷின்காரருக்கு அதைவிட மோசமான தவறு செய்தோம். நாலு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சுற்றும் டிரில்லுக்குப் பக்கத்தில் இருந்த அவர் கையிலும் கிளவுஸ் ஒட்டினோம். சுற்றும் பிட்டில் கிளவுஸ் நுனி மாட்டினால் கையோடு இழுத்துவிடும், வெறும் கையில் தோல் கிழிவதோடு தப்பிக்க வாய்ப்பு உண்டு. சேஃப்டி ஆபீசர் பார்த்ததும் அந்தப் படத்தையே தூக்கிவிடச் சொல்லிவிட்டார். கடைசியில் டிரில் மெஷின்காரரை இரண்டு படமாகக் காட்டினோம்: தகட்டைத் தூக்கி வரும்போது கிளவுஸோடு, மெஷின் ஓடும்போது கிளவுஸ் இல்லாமல், சட்டைக் கையை மணிக்கட்டில் பட்டன் போட்டு.

கேட்லாக் படத்தைத் தேடுவதற்குப் பதில், பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போய் ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டால் போட்டோ எடுக்கவும் ஆகும், பயிற்சியில் கையில் கொடுத்துக் காட்டவும் ஆகும். மாட்டிப் பார்க்கும் படத்தை யார் எங்கே நிற்பது, எழுத்துக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்ய மட்டும் வைத்துக்கொள்கிறேன். அந்த நாலு பேரிடமும் ஏ4 பிரிண்டைக் காட்டி, உங்கள் முகம் கேட்டில் ஒட்டப்படும், சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் ஃபைலைப் பிரஸ்ஸுக்கு அனுப்பினோம். சித்தாள் அக்கா கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துவிட்டு, ஸ்ட்ராப்பை இன்னும் ஒரு கண்ணி இறுக்கி எடுத்திருக்கலாம் என்றார். திரும்பவும் எடுத்தோம்.