தலையணை குதிகாலுக்கு அல்ல, கெண்டைக்காலுக்கு

படுத்த படுக்கையாக இருப்பவரின் குதிகாலை அழுத்தப்புண் வராமல் காக்க வேண்டும் என்றதும், பலரும் மெத்தென்ற தலையணை ஒன்றை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. குதிகாலின் பின்பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. படுத்திருக்கும்போது காலின் பாரம் அந்தச் சிறிய இடத்தில் இறங்கி, ரத்த ஓட்டத்தை நசுக்குகிறது. அடியில் இருப்பது பஞ்சானாலும் எலும்பு அழுத்திக்கொண்டுதான் இருக்கும். குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு 78 வயது, நீரிழிவு உண்டு, பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. மகள் வேலைக்குப் போகிறார். பகலில் இல்லப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். காற்று ஏறி இறங்கும் மெத்தை வாங்கிவிட்டதால் இனிப் புண் வராது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் அந்த மெத்தை உதவும். ஆனால் அது குதிகாலைத் தூக்கிப் பிடிக்காது. தனியாகத் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

எப்படி? முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கணுக்காலுக்கு மேலே முடியும்படி, கெண்டைக்கால் முழுவதும் தாங்குமாறு தலையணையை நீளவாக்கில் வையுங்கள். குட்டித் தலையணையைக் கணுக்காலுக்கு மட்டும் கொடுத்தால், குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் மொத்தப் பாரத்தையும் வாங்கி, அங்கே புண் வரும். முழங்கால் துளி மடங்கியிருக்கட்டும். அது விறைத்துப் பின்னோக்கி வளைந்தால், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அழுந்தும். வைத்து முடித்ததும் குதிகாலுக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். தடங்கலின்றி மறுபக்கம் வந்தால் சரி. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் மென்மையான தலையணை அமுங்கிப்போகும். நடுவில் துளையுள்ள வளையத் திண்டும் தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். வளையம் துளையைச் சுற்றி அழுத்தும். கையுறை குதிகாலைத் தாங்குமே தவிர விடுவிக்காது.

அடுத்தது புரட்டிப் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. தோல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தாதி அதை மாற்றிச் சொல்லக்கூடும். ஒருக்களிக்கும்போது முழுப் பக்கவாட்டில் நிறுத்தாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பு தப்பிக்கும். இரு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வேண்டும். கீழே இருக்கும் காலின் வெளிக் கணுக்காலையும் குதிகாலின் ஓரத்தையும் பார்க்க மறக்காதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் படுக்கையின் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால், பாட்டி மெல்லச் சறுக்கிக் கீழே வருவார், குதிகால் விரிப்பில் உராயும். முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டு, பிறகு தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். மேலே நகர்த்த அக்குளில் கைகொடுத்து இழுப்பதைவிட, இருவர் சேர்ந்து குறுக்கே விரித்த துணியைப் பிடித்துத் தூக்குவதே நல்லது.

இனி அறிகுறிகள். 'சிவந்திருக்கிறதா' என்று மட்டும் பார்ப்பது நம் தோலுக்குப் போதாது. வெளிர்ந்த தோலில், சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்கும். வெளுக்காவிட்டால் அழுத்தப்புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் இது தெரியாமலே போகலாம். காலுறையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் இரு குதிகால்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று ஊதாவாகவோ கருமையாகவோ, மற்றதைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அதுவே எச்சரிக்கை. பாட்டி வலி என்று சொல்ல மாட்டார். நீரிழிவும் பக்கவாதமும் அந்த உணர்வைப் பறித்திருக்கலாம்.

ஊதா நிறத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. உள்ளே நசுங்கிய திசுவின் நிறம் தோலில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். வியாழக்கிழமை கண்ணில் படும் ஊதா, செவ்வாய்க்கிழமை அவசரப் பிரிவில் கடினமான தள்ளுபடுக்கையில் நெடுநேரம் கிடந்ததன் விளைவாக இருக்கலாம். பணிப்பெண்ணைக் கடிந்துகொள்வதற்கு முன்பு இதை நினைத்துப் பாருங்கள்.

அந்த இடத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துப் பிசைவது, மஞ்சள் பூசுவது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே நசுங்கிய திசுவைத் தேய்த்தால் இன்னும் கிழியும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குதிகாலில் உலர்ந்து ஒட்டிய கறுப்புப் பொருக்கை உரிக்காதீர்கள். உலர்ந்திருக்கும்வரை அது மூடிபோல் உதவக்கூடும். எது தென்பட்டாலும் குதிகாலை உடனே அந்தரத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வரும் தாதியிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். பாதம் சில்லிட்டு வெளிறியிருந்தால், பொருக்கு இளகி நீர் வடிந்தால், நாற்றம் வந்தால் அல்லது சுற்றிலும் வீங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே காய்ச்சலோ புதிய குழப்பமோ இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.