எலி கடித்த அரிசி மூட்டை: எதைக் கொட்டுவது, எதை வைத்துக்கொள்வது

எங்கள் வீட்டு 25 கிலோ அரிசி மூட்டையின் அடி மூலையில் ஒரு நாள் காலை ஓட்டை விழுந்திருந்தது. கீழே ஒரு பிடி அரிசி, பக்கத்தில் நாலைந்து புழுக்கை. மேல் தட்டில் துவரம் பருப்பு, ரவை, எவர்சில்வர் டப்பாவில் புளி. அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வந்தது எது என்று பாருங்கள். பெரிய எலியின் புழுக்கை ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேல் நீளமிருக்கும். சுண்டெலியுடையது அரிசி அளவுதான். கரப்பான் எச்சம் மிளகுத்தூள் தூவியது போல மூலையில் கிடக்கும். பார்த்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள், கிருமி தூசியோடு பறக்கும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் பழைய துணியால் துடைத்தெடுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்க வேண்டாம்.

அடுத்து அரிசி. கடித்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மீதியை வெயிலில் போடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். வண்டு விழுந்த அரிசிக்கு அது சரி. எலிக்குச் சரிவராது. எலி நடக்கும்போதே சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. எலிக் காய்ச்சல் கிருமி அதில்தான் வருகிறது. கழுவி வேகவைத்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எலி மருந்து வைத்திருந்தால், எலி அதைக் கவ்விக்கொண்டு வந்து மூட்டைக்குள் போட்டிருக்கலாம். அது வெந்தாலும் போகாது. அதனால் மூட்டை முழுவதையும் கொட்டினேன், மனசு வலித்தாலும். மாட்டுக்கோ கோழிக்கோ போடவில்லை. அதே விஷம் அவற்றையும் கொல்லும்.

ரவைப் பாக்கெட் திறந்து ரப்பர் பேண்ட் போட்டது. கரப்பான் தட்டையான உடம்போடு அந்த மடிப்பில் எளிதாக நுழைந்துவிடும். உள்ளே எச்சமோ, சிவந்த அவரை விதை போன்ற முட்டைக் கூடோ இருக்கிறதா என்று தேட வேண்டியதே இல்லை, வெளியே எச்சம் இருந்தாலே கொட்டுங்கள்.

பிரிக்காத துவரம் பருப்பு வேறு கதை. பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெல்ல அழுத்துங்கள். காற்று கசிந்தாலோ பல் தடம் இருந்தாலோ குப்பைக்கு. இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டி, வெளிப்புறம் படாமல் டப்பாவில் கொட்டுங்கள்.

புளி டப்பாவை வைத்துக்கொண்டேன். ஆனால் திறப்பதற்கு முன் மூடியும் விளிம்பும் சேர்த்துக் கழுவித் துடைத்தேன். மூடியைத் திறக்கும்போதுதான் வெளி அழுக்கு உள்ளே விழும். மூடி தளர்ந்து கிடந்திருந்தால் அந்தப் புளியும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.