கிளவுட் கேம் இழுபடுகிறதா? முதலில் பிட்ரேட்டைக் குறையுங்கள்

கொக்குவிலில் மச்சான் வீட்டில் போன மாதம் நடந்தது. 4ஜி ரவுட்டர் விறாந்தையில், டிவியும் லேப்டொப்பும் உள்ளறையில். அவன் விளையாடுவது ஜீஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் சேவையில்: கேம் தூரத்துச் சேர்வரில் ஓடும், அதன் படம் மட்டும் வீடியோவாக வீட்டுக்கு வரும். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் கார் ரேஸில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கொஞ்சம் பிந்தித்தான் திரும்புகிறது. "லைன் ஸ்பீட் காணாது போல, பெரிய பக்கேஜ் எடுப்போமா?" என்று கேட்டான். வேண்டாம், முதலில் அளந்து பார்ப்போம் என்றேன்.

இரவு எட்டு மணிக்கு, அதாவது அவன் வழக்கமாக விளையாடும் நேரத்தில்தான் அளந்தோம். பகலில் அளந்தால் 4ஜி லைன் உங்களை ஏமாற்றிவிடும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுங்கள்:

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 1.1.1.1
```

பிங் என்பது ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெக்கன் என்று அளப்பது. முதலாவது உங்கள் ரவுட்டர், இரண்டாவது வெளி இன்டர்நெட்டில் உள்ள ஒரு சேர்வர். அந்த எண் வீட்டுக்கு வீடு மாறும், `ipconfig` அடித்தால் Default Gateway என்ற வரியில் உங்களுடையது இருக்கும். ரவுட்டர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் பதில் சில மில்லிசெக்கனுக்குள் வர வேண்டும். மச்சான் வீட்டில் 3, 4, 90, 5, 130 என்று குதித்தது. இப்படிக் குதித்தால் பிழை வெளி லைனில் இல்லை, வைஃபையில். இரண்டு சுவர் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடித்துக்கொண்டிருந்தான், பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில்தான். கதவு ஓரமாகக் கேட்5இ கேபிள் இழுத்துச் செருகினோம், எல்லாம் 1 மில்லிசெக்கனுக்குள் வந்தது. கேபிள் இழுக்க வழியில்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் அது சுவருக்கு இன்னும் பயம், ரவுட்டரை அதே அறைக்குக் கொண்டு வந்தால்தான் பலன்.

இனித்தான் முக்கியமான இடம். இரண்டாவது பிங், சும்மா இருக்கும்போது 40ஐ ஒட்டி நின்றது. அதே நேரம் ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் போட்டுப் பார்த்தால் 220க்கு ஏறியது. லைன் நிரம்பியதும் மிச்ச டேட்டாப் பொதிகள் வரிசையில் காத்து நிற்கின்றன, அந்தக் காத்திருப்புத்தான் தாமதம். கேமும் லைனை நிரப்பினால் இதுதான் நடக்கும். படம் தெளிவாக வந்தும் கார் பிந்தியதற்கு மற்றக் காரணம் இதுவே.

ஸ்பீட் டெஸ்டில் எட்டு மணிக்கு 24 எம்பிபிஎஸ் வந்தது. ஜீஃபோர்ஸ் நவ் 1080பி, 60 ஃப்ரேமுக்கு 25 கேட்கிறது, ஆகவே தானாக விட்டால் லைன் விளிம்புக்கே போய்விடும். என் கணக்கு, மிகக் குறைந்த வேகத்தில் ஏறத்தாழ அறுபது வீதம். 24க்கு 14 வரும். பிட்ரேட் என்பது செக்கனுக்கு வரும் வீடியோ டேட்டாவின் அளவு. ஜீஃபோர்ஸ் நவ் Settings-இல் Custom தெரிவு செய்து Max bit rate-ஐ 14க்கு இறக்கினோம். 1080பியில் அந்த அளவுக்குப் புல்லும் மழையும் வரும் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன, அதனால் 720பிக்கு மாற்றினோம், ஃப்ரேமை 60இலேயே விட்டோம். ஃப்ரேமைக் குறைக்காதீர்கள். 60இல் ஒரு ஃப்ரேம் 17 மில்லிசெக்கன், 30இல் 33, அந்த வித்தியாசம் கையில் தெரியும். கேம் ஓடும்போதே பிங் பார்த்தோம், 50ஐத் தாண்டவில்லை.

டேட்டாவையும் பாருங்கள். 14 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 6 ஜிபிக்கு மேல்.

அப்புறம் ஒரு நாள் திரும்ப இழுபட்டது. அக்காவின் ஃபோன் கல்யாணப் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் அழுத்தும் பட்டன் மேல்நோக்கித்தான் போகிறது, அப்லோட் பக்கம் சின்னது, சீக்கிரம் அடைபட்டுவிடும். விளையாடும் நேரம் ஃபோனில் பேக்கப்பை நிறுத்துங்கள், அல்லது ரவுட்டரில் QoS இருந்தால் லேப்டொப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். டிவியில் பார்த்து விளையாடினால் அதில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள், டிவி தானாகச் சேர்க்கும் தாமதம் குறையும்.

விளையாடும்போது Ctrl+N அழுத்தினால் திரையில் எண்கள் வரும். பிங் ஏறி இறங்கினால் பிட்ரேட்டை இன்னும் இரண்டு குறையுங்கள். பொதி இழப்பு ஏறிக்கொண்டே போனால் திரும்ப வைஃபையைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பிங் மட்டும் எப்போதும் ஒரே உயரத்தில் நின்றால் அது தூரம். சிங்கப்பூர் சேர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். ஒளி ஃபைபரில் போய்த் திரும்பவே 28 மில்லிசெக்கன், உண்மையில் பாதை இன்னும் சுற்றும். எந்த ரவுட்டரும் அதைக் குறைக்காது. ஜீஃபோர்ஸ் நவ் 80க்குள் இருக்கச் சொல்கிறது. மச்சானுக்கு சேர்வர் வரை 70இல் நிற்கிறது, கார் ரேஸுக்குப் போதும், ஆன்லைன் ஷூட்டரை மட்டும் அவன் விட்டுவிட்டான்.