களரா, உவரா? இருமொழி ஆய்வுச் சுருக்கத்தில் கலைச்சொல் பிசகாமல் எழுதுவது

மண்ணியல் ஆய்வு ஒன்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல் வயலில் ஜிப்சம் இட்டுக் களர் நிலத்தைச் சீர்திருத்திய ஆய்வு.

முதலில் சுருக்கத்தைத் தொடாதீர்கள். ஒரு தாளில் சொற்பட்டியல் போடுங்கள். எட்டுப் பத்துச் சொல் போதும். ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு வரி வரையறை என்று மூன்று பத்திகள். பலரும் விட்டுவிடுவது அந்த மூன்றாவது பத்தியைத்தான். எங்கள் பட்டியலில் அது இப்படி இருக்கும்:

சோடிக் – களர் – பரிமாற்ற சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல்
சலைன் – உவர் – மின்கடத்துதிறன் 4 dS/m-க்கு மேல்
அல்கலைன் – காரத்தன்மை உள்ள – pH 7-க்கு மேல்

வரையறை இல்லாவிட்டால் இந்த மூன்றும் "உப்பு மண்" என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுந்துவிடும். அப்புறம் சிக்கல்தான். உவர் நிலத்தை நல்ல தண்ணீர் விட்டு அலசி, வடியவிட்டால் உப்பு இறங்கிவிடும். களர் நிலத்துக்கு முதலில் ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம்தான் மண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கிறது. ஆகவே தமிழில் "உவர்" என்றும் ஆங்கிலத்தில் சோடிக் என்றும் எழுதினால், உங்கள் ஆய்வே இரண்டு வேறு நிலங்களைப் பற்றியதாகிவிடும்.

தமிழ்ச் சொல் தெரியாதபோது சொற்குவை தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பிலும் தேடலாம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நாலைந்து சொல் வந்து நிற்கும். அழகானதை எடுக்காதீர்கள், உங்கள் துறைக்காரர் வயலில் சொல்வதை எடுங்கள்.

ஆங்கிலப் பக்கமும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். களருக்குச் சோடிக் என்றும் அல்கலி என்றும் இரண்டு பெயரும் புழங்குகின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் "ஒரே சொல் திரும்ப வரக்கூடாது" என்று கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிடலாம்.

சரி, இப்போது எழுதுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்க வேண்டாம். "ஜிப்சம் இடப்பட்டு, விளைச்சல் அளவிடப்பட்டது" என்பதைவிட "ஜிப்சம் இட்டு விளைச்சலை அளந்தோம்" என்பதே தமிழ். வாக்கியங்களின் எண்ணிக்கை மாறலாம். முடிவுகள், எண்கள், அலகுகள் மாறக்கூடாது.

கடைசியாகச் சரிபார்ப்பு. Ctrl+F போட்டு "களர்" என்று தேடினால் "களரின்", "களரில்" அகப்படாமல் போகலாம், ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளியை விட்டு "களர" என்று தேடுங்கள். "நிலம்" உருபு ஏற்கும்போது "நிலத்தை", "நிலத்தில்" என்று மாறிவிடும், ஆகவே "நிலம்" என்று தேடாமல் "நில" என்று தேட வேண்டும். இந்த வேலையில் "உப்பு மண்" எங்காவது ஒளிந்திருந்தால், அது களரா உவரா என்று பட்டியலைப் பார்த்து அங்கேயே மாற்றிவிடுங்கள்.